அந்தப் பிள்ளை வட்டமாகத்தான் வைத்திருந்தாள்

விளையாட்டுப் போட்டிச் சான்றிதழ்களை ஏன் இரண்டாம் தடவை அச்சடித்தோம் என்று பெற்றோர் சிலர் கேட்டிருந்தீர்கள். அதற்கான பதில் கொஞ்சம் நீளம். தவறு எங்களுடையது என்பதால் முழுசாகவே சொல்லி விடுகிறோம்.

சான்றிதழை வடிவமைத்தது தரம் 10 மாணவி ஒருத்தி. எங்கள் கணினி அறையில் இருந்துதான் செய்தாள். டவுனில் உள்ள கொமினிகேஷனில் கலர் பிரின்ட் எடுத்து வந்து பார்த்தால், பாடசாலைச் சின்னம் முட்டை மாதிரி ஒடுங்கி, உயரமாக நின்றது. அறுபது தாள் வீண். "படத்தை இழுத்துக் கெடுத்து வைத்திருக்கிறீங்களே மகள்" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டு விட்டோம். "நான் ரவுண்டாத்தான் வச்சேன் சேர்" என்றாள். கண் கலங்கி விட்டது. நாங்கள் நம்பவில்லை.

மறுநாள் கணித டீச்சர்தான், "பிள்ளை பொய் சொல்ற பிள்ளை இல்லையே, அந்த மெஷினை ஒருக்கா பார்ப்பமா?" என்றார். இருவரும் போய் உட்கார்ந்தோம். பெயின்டில் Shift விசையை அழுத்திக்கொண்டு ஒரு வட்டம் வரைந்தோம். அப்படி வரைந்தால் கணினி கட்டாயம் சரியான வட்டத்தைத்தான் வரையும். 300 புள்ளி அகலம், 300 புள்ளி உயரம். ஆனால் திரையில் தெரிந்தது படுத்த முட்டை. டீச்சர் அடிமட்டத்தைக் கண்ணாடியில் வைத்து அளந்தார். உயரம் 9 சென்றிமீற்றர், அகலம் 12 சென்றிமீற்றர்!

கதை இதுதான். முந்தி அறையில் இருந்தவை பழைய சதுரமான மொனிட்டர்கள். பழைய மாணவர்கள் போன வருடம் 18.5 அங்குல அகலத்திரை மொனிட்டர்கள் வாங்கித் தந்தார்கள். நல்ல பொருள்தான், அதில் எந்தக் குறையும் இல்லை. அந்தக் கண்ணாடிக்குள் கிடையாக 1366, நிலையாக 768 என்று புள்ளிகள் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. அதுதான் அதன் சொந்த ரெசலூஷன். கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. எங்கள் கணினிகளோ 1024 × 768 என்ற அளவில் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தன. உயரம் 768க்கு 768, பொருந்தி விட்டது. அகலத்தில் 1024 புள்ளியை 1366 இடத்தில் நிரப்ப வேண்டும். மொனிட்டர் தானாகவே இழுத்துப் பரப்பி விட்டது. 1366ஐ 1024ஆல் பிரித்தால் ஏறக்குறைய ஒன்றும் மூன்றில் ஒன்றும் வரும். 9 சென்றிமீற்றர் 12 ஆனது அதனால்தான்.

இப்போது அந்தப் பிள்ளை செய்ததை நினைத்துப் பாருங்கள். சின்னத்தைச் சேர்த்தபோது அது 3 சென்றிமீற்றர் அகலமும் 3 சென்றிமீற்றர் உயரமுமாகச் சரியாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் அவளுடைய கண்ணுக்கு 4க்கு 3 என்ற கணக்கில் கொழுத்துத் தெரிந்தது. கண்ணுக்கு வட்டமாகும் வரை பக்கத்தால் ஒடுக்கினாள். அகலம் 2.25க்கு இறங்கியது. திரையில் அழகான வட்டம். பிரின்டருக்குத் திரை எப்படி இழுத்தது என்று தெரியாது, கோப்பில் உள்ள 2.25க்கு 3ஐ அப்படியே அடித்துத் தந்தது. கவனமில்லாத பிள்ளை என்றால் சின்னத்தைத் தொட்டிருக்கவே மாட்டாள், சான்றிதழும் சரியாக வந்திருக்கும்!

ஒரு வருடமாக இது எங்கள் கண்ணில் படவில்லை என்பதுதான் வெட்கம். விளையாட்டுப் போட்டிப் படங்களை அந்தத் திரையில் பார்த்தபோது எல்லோரும் கொஞ்சம் சதை போட்ட மாதிரித் தெரிந்தார்கள், சிரித்து விட்டுப் போய் விட்டோம். எழுத்து மங்கலாக இருக்கிறது, கண் வலிக்கிறது என்று பிள்ளைகள் சொன்னதற்கும் காரணம் இதுவே. ஒரு புள்ளியை ஒன்றேகால் இடத்துக்கும் சற்றுக் கூடுதலாகப் பரப்ப வேண்டியிருப்பதால், சில புள்ளிகள் பக்கத்துப் புள்ளியோடு கலந்து சாம்பல் நிறமாகின்றன. எங்கள் விஷயத்தில் அகலம் மட்டும்தான் இழுபட்டது. அதனால் கிடைக்கோடுகள் கூர்மையாக இருக்க, நிலைக்கோடுகள் மட்டும் ஒன்று தடித்து ஒன்று மெலிந்து நின்றன. 'ப', 'ம' போன்ற எழுத்துகளின் கால்களைக் கிட்டப் பார்த்தால் உடனே பிடிபடும்.

செட்டிங்கில் போய் 1366 × 768ஐத் தெரிவு செய்தால் முடிந்ததுதானே என்று நினைத்தோம். Display settings திறந்து பார்த்தால் பட்டியலில் அது இல்லவே இல்லை. 1024 × 768தான் ஆகக் கூடியது. பக்கத்தில் Recommended என்று வேறு போட்டிருந்தது. அந்தச் சொல்லைக் கண்ணை மூடி நம்பக் கூடாது என்று அன்றைக்குத்தான் படித்துக்கொண்டோம். Device Manager-இல் Display adapters என்பதைத் திறந்தால், கீழே இருந்த பெயர் Microsoft Basic Display Adapter. விடுமுறையில் நாங்கள்தான் எல்லா மெஷினுக்கும் வின்டோஸ் புதிதாகப் போட்டோம், கிராபிக்ஸ் டிரைவரைப் போடாமல் விட்டிருக்கிறோம். வின்டோஸ் தன்னிடமிருந்த பொது டிரைவரை வைத்துச் சமாளித்திருக்கிறது. அதற்குத் தெரிந்த அளவுகள் சில மட்டும்தான்.

மதர்போர்டின் பெயரைப் பார்த்து, தயாரித்த கம்பனியின் தளத்திலிருந்து உரிய டிரைவரை இறக்கிப் போட்டு ரீஸ்டார்ட் பண்ணினோம். பன்னிரண்டில் ஒன்பது சரி வந்தது. அவற்றில் இரண்டு மெஷின்களில் மட்டும் 1366 வரவில்லை, 1360 × 768தான் வந்தது. பழைய கிராபிக்ஸ் சில, அகலம் எட்டால் மீதியின்றிப் பிரிபட வேண்டும் என்று எதிர்பார்க்கும். 1366 பிரிபடாது, 1360 பிரிபடும். ஆறு புள்ளி வித்தியாசம் அடிமட்டத்தில்கூட விளங்காது என்று விட்டு விட்டோம்.

பத்தாவதில் டிரைவர் போட்டும் மாறவில்லை. மொனிட்டர் தன்னுடைய சொந்த அளவு என்ன என்பதை வீஜீஏ கேபிளின் சில பின்கள் வழியாகக் கணினிக்குச் சொல்லும். அந்தப் பின் வளைந்தோ உடைந்தோ இருந்தால் படம் வரும், தகவல் மட்டும் போகாது. கேபிளைக் கழற்றிப் பார்த்தால் ஒரு பின் உள்ளே மடிந்திருந்தது. வேறு கேபிள் மாட்டியதும் 1366 பட்டியலில் வந்து நின்றது.

மிச்சம் இரண்டும் மிகவும் பழையவை, அவற்றுக்கு டிரைவர் கிடைக்கவில்லை. மொனிட்டரின் மெனு பட்டனை அழுத்தி, படத்தின் வடிவத்தை Wide என்பதிலிருந்து 4:3க்கு மாற்றி விட்டோம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், திரை வீணாகிறதே என்று பிள்ளைகள் குறைப்படுகிறார்கள். ஆனால் வட்டம் வட்டமாக நிற்கிறது, எழுத்தும் தெளிந்து விட்டது.

அந்த மாணவியிடம் அதே வகுப்பில், எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டோம். அடிமட்டத்தை அவளுடைய கையில் கொடுத்துப் பழைய அளவில் ஒரு தடவை, புதிய அளவில் ஒரு தடவை அளக்கச் சொன்னோம். இரண்டாம் தடவை 9க்கு 9 வந்ததும், "அப்ப நான் இழுக்காமலே விட்டிருக்கணும் சேர்" என்றாள். இரண்டாவது சான்றிதழும் அவள் செய்ததுதான். அறுபது தாளின் காசை நாங்கள் இரண்டு பேரும் பகிர்ந்து கொடுத்து விட்டோம், அபிவிருத்திச் சங்கக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஒடுங்கிய சின்னத்தோடு பழைய சான்றிதழ் யாருடைய வீட்டிலாவது இருந்தால் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள், மாற்றித் தருகிறோம்.