மேனேஜருக்கு ஒரு மெசேஜ்

தினமும் காலைல மஸ்டர்ல பார்க்கிற மனுஷன்.
அவருக்கே "இன்டர்வியூ என்னாச்சு சார்?"னு கேட்க கை நடுங்குது.
குன்னூர் குளிருன்னு சொல்லிக்கிறேன்.

ஃபீல்டுலேர்ந்து ஃபேக்டரிக்கு மாத்தல் கேட்டு இன்டர்வியூ போய் பத்து நாள் ஆச்சு. ஒரு வாரத்துல சொல்றோம்னாங்க.

முதல்ல எழுதினது: "பதினோரு வருஷமா உழைக்கிறேன் சார்..."
அழிச்சிட்டேன். அவருக்குத் தெரியாததா?

மஸ்டர்லயே கேட்கலாம். ஆனா ஆளுங்க முன்னாடி அவர்தான் என்ன சொல்வார்?
வியாழன், வெள்ளி டீ ஏலம். அவர் தலைக்குள்ள விலை மட்டும்தான் ஓடும்.
சனிக்கிழமை மதியம் அனுப்பினேன்:

"சார், அன்னைக்கு நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி. மழைநாள் விதரிங் பத்திக் கேட்டப்போ பாதிதான் சொன்னேன். ஈர இலைக்கு முதல்ல வெதுவெதுப்பான காத்து விட்டு மேல் தண்ணியை எடுக்கணும், அப்புறம் சூட்டைக் குறைக்கணும். முடிவு எப்போ தெரியும்னு சொன்னீங்கன்னா அடுத்த பறிப்பு ரவுண்டைத் திட்டமிட வசதியா இருக்கும். எதுவானாலும் திங்கக்கிழமை மஸ்டர்ல பார்க்கிறேன்."

கடைசி வரி, 'இல்லை'ன்னாலும் கோச்சுக்க மாட்டேன்னு சொல்றதுக்கு.
(கோச்சுக்குவேன். அது வேற விஷயம்.)
கூட இன்டர்வியூவுக்கு வந்த தம்பியைப் பத்தி ஒரு வார்த்தை எழுதல.

ரெண்டு நீல டிக் விழுந்துச்சு.
பதில்: 👍

அந்தக் கட்டைவிரலுக்கு என்னங்க அர்த்தம்?