ஒரு வரி தள்ளிப்போன மதிப்பெண்

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம். எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளியான அன்று, ஈப்போவில் நான் படித்த இடைநிலைப்பள்ளியின் மண்டபத்தில் முடிவுச் சீட்டைப் பெற்றுக்கொண்டேன். மலாய்மொழியில் 1ஏ. மகிழ்ச்சியோடு சீட்டை மேலும் படித்தபோது, மலாய் வாய்மொழித் தேர்வின் நிலை மிகவும் தாழ்வாக அச்சாகியிருப்பதைக் கண்டேன். பள்ளியின் பேச்சுப்போட்டிகளில் மேடையேறியவன் நான். வீட்டுக்குப் போகும்வரை அந்த ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவே பள்ளி முதல்வருக்கு இரண்டு பக்கக் கடிதம் எழுதினேன். என் உழைப்பு, குடும்பத்தின் வறுமை, எனக்கு நேர்ந்த அநீதி எல்லாம் அதில் இருந்தன. அப்பா படிக்கச் சொல்லிக் கேட்டார். சுங்கை சிப்புட் அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர் அவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு நாங்கள் புந்தோங்கிற்குக் குடிபெயர்ந்தோம். அப்பா ஜாகா வேலைக்குப் போனார்.

“கிராணிகிட்ட போய் அழுதா, தொரைகிட்ட போன்னு சொல்லிடுவாரு. எந்தத் தேதி, எந்த வரி, எத்தனை கிலோன்னு கேட்டா, அவரு புத்தகத்தைத் திறந்துதான் ஆகணும். உன் கடுதாசியில திறக்கிறதுக்கு ஒண்ணுமே இல்லையே ஐயா,” என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் எந்தப் புத்தகத்தைத் திறக்கச் சொல்வது என்று யோசித்தேன். எழுத்துத் தேர்வின் விடைத்தாள் பள்ளியில் இருப்பதில்லை. அதில் ஐயம் என்றால், முடிவு வெளியான 30 நாளுக்குள் கட்டணம் செலுத்தித் தேர்வு வாரியத்திடம் மறுபார்வைக்கு விண்ணப்பிக்க வேண்டும். முதல்வர் அந்த மதிப்பெண்ணைத் தொடவும் முடியாது. ஆனால் அக்காலத்து வாய்மொழித் தேர்வு பள்ளியிலேயே நடந்தது. நான்காம், ஐந்தாம் படிவங்களில் பாட ஆசிரியர் மாணவரைப் பேசவைத்து மதிப்பிடுவார். அந்தப் புள்ளிகளைப் பள்ளிதான் பட்டியலாக்கி அனுப்பும். ஆக, பிழை பள்ளியில் நேர்ந்திருந்தால், அதற்குரிய மூலப் பதிவும் பள்ளியிலேயே இருக்கும்.

மறுநாள் ஒரு துப்புக் கிடைத்தது. தேர்வெண் வரிசையில் எனக்கு அடுத்தவன் என் நண்பன். பேசும்போது அவனுக்கு நா தடுமாறும். அவன் சீட்டில் வாய்மொழித் தேர்வுக்கு ‘செமெர்லாங்’ என்றிருந்தது. பட்டியலை நகலெடுக்கையில் கண் ஒரு வரி சறுக்கினால் இப்படித்தான் ஆகும். ஒருவனுக்குக் குறைந்தது பக்கத்து வரியில் கூடியிருக்கும்.

ஆனால் என் வரியைத் திருத்தினால் அவன் வரியும் இறங்கிவிடும். இரண்டு நாள் எழுதாமலே இருந்தேன். பிறகு புந்தோங் ஒட்டுக்கடையில் அவனை உட்காரவைத்துச் சொன்னேன். தேநீரைக் கலக்கியபடியே இருந்தான்.

“சீட்டைப் பார்த்தப்பவே தெரியும்டா. நேர்முகத் தேர்வுக்குப் போனா, வாயைத் திறந்ததும் தெரிஞ்சிடுமே. நீ எழுது,” என்றான்.

இரண்டாவது கடிதத்தை மலாயில், அலுவல் முறைப்படி அரைப் பக்கத்தில் எழுதினேன். முதலில் என் பெயர், அடையாள அட்டை எண், தேர்வெண், தேர்வு ஆண்டு. அடுத்து, சீட்டில் அச்சாகியிருக்கும் நிலை. அதன்பின் என் கோரிக்கை: ஆசிரியரிடமுள்ள மூலப் புள்ளிப் படிவத்தோடு என் பதிவை ஒப்பிட வேண்டும்; வேறுபாடு இருந்தால் பள்ளியே தேர்வு வாரியத்துக்கு எழுதித் திருத்தம் கோர வேண்டும். நண்பனின் பெயரை நான் குறிப்பிடவில்லை. அவன் வரியைப் பற்றிப் பேசும் உரிமை அவனுக்குத்தான் உண்டு. முடிவுச் சீட்டின் நகலை இணைத்தேன். கடிதத்தின் இன்னொரு படியில் அலுவலகச் சாப்பும் தேதியும் வாங்கிக்கொண்டேன். பிறகு, ‘கடிதமே வரவில்லை’ என்று யாரும் சொல்ல முடியாதல்லவா?

தாமதிக்காததும் நல்லதாயிற்று. மார்ச்சில் கிடைத்தது முடிவுச் சீட்டுதான். சான்றிதழ் பின்னர்தான் அச்சாகி வரும். அதற்குள் திருத்தினால் ஒரு தாளோடு போயிற்று.

ஆசிரியர் படிவத்தை எடுத்து வந்தார். அவர் கையெழுத்தில் என் புள்ளி சரியாகவே இருந்தது. தட்டச்சான பட்டியலில்தான் இரண்டு வரிகள் இடம் மாறியிருந்தன. முதல்வர் இரண்டையும் இணைத்து அனுப்பினார். சில வாரங்களில் திருத்திய சீட்டு வந்தது. என் நண்பனுக்கும் வந்தது. அலுவலக வாசலில் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “இப்பதான் இது என் சீட்டு,” என்றான், அவனுக்கே உரிய அந்தத் தடுமாற்றத்தோடு.

அந்த முதல் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டு பக்கத்தில் என் தேர்வெண் ஓரிடத்திலும் இல்லை.