"பாக்கி எதுவும் இல்லை" என்று ஆலை எழுதியபோது

கொட்டாஞ்சேனையில இருக்கிற எங்கட தோழியின்ர சித்தப்பா ஒருத்தர் வட தமிழ்நாட்டில கரும்பு போடுறார். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில கப்பலேறின குடும்பம். சின்ன வயசில போனவர், அங்கேயே கலியாணம் செய்து, மாமனாரின்ர நிலத்தில விவசாயி ஆயிட்டார். ஒருநாள் அவர் தோழியின்ர வட்ஸ்அப்புக்கு பதினொரு படங்கள் அனுப்பினார். எடைச் சீட்டு, ஆலை தந்த பில், வங்கிப் புத்தகத்தின்ர பக்கங்கள். கூட ஒரு குரல் பதிவு: "தனியார் ஆலை எங்க காசைத் தராம வச்சிருக்கு. நீங்கதான் எழுதுறவங்களாச்சே, இத எழுதுங்கம்மா."

நாங்கள் நாலு பேர் வெள்ளவத்தையில ஒரு அனெக்ஸ் அறையில இருந்து எழுதத் தொடங்கினோம். முதல் நாள் கணக்கு சுலபமாத்தான் இருந்தது. 2015-16 பருவத்துக்குத் தமிழ்நாடு அரசு அறிவிச்ச விலை ஒரு தொன்னுக்கு 2,850 ரூபா. சித்தப்பா குடுத்தது 40 தொன். அப்ப வரவேண்டியது 1,14,000. வங்கிப் புத்தகத்தில வந்திருந்தது 62,000. "ஆலை 52,000 ரூபாவை ஏமாத்தியிருக்கு" என்று தலைப்பே போட்டுவிட்டோம்.

வெளியிட முதல் ஆலையிட்டயும் ஒரு வார்த்தை கேட்கவேணும் என்று ஒருத்தி பிடிவாதமா நின்றாள். கடிதம் போட்டோம். பன்னிரண்டு நாள் கழிச்சு மூன்று வரியில பதில் வந்தது. மத்திய அரசு நிர்ணயிச்ச விலைப்படி அந்தப் பருவத்தின்ர தொகை முழுக்கக் குடுபட்டுவிட்டது, விவசாயிகளுக்குப் பாக்கி எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

எங்களுக்குக் கோபம் வந்தது. பச்சைப் பொய் என்று நினைச்சோம். பிறகு பில்லைத் திரும்ப எடுத்து, இந்த முறை ஒவ்வொரு கட்டமா வாசிச்சோம். அதில விலைக்குரிய கட்டத்தில 2,300 என்று இருந்தது. நாங்கள் அதைப் பார்க்கவே இல்லை, ஏனென்றால் எங்கட மனசில 2,850தான் ஓடிக்கொண்டிருந்தது.

விசயம் இதுதான். இந்தியாவில கரும்புக்கு இரண்டு விலை இருக்கலாம். ஒன்று மத்திய அரசின்ர நியாய ஆதாய விலை. அதுக்குக் குறைய எந்த ஆலையும் குடுக்கக்கூடாது. அந்தப் பருவத்தில அது தொன்னுக்கு 2,300. மற்றது மாநில அரசு அதுக்கு மேல அறிவிக்கிற பரிந்துரை விலை. தமிழ்நாட்டில 2013-14 தொடக்கம் 2016-17 வரை பல தனியார் ஆலைகள் மத்திய விலையை மட்டும் குடுத்து, மேல உள்ளதை நிறுத்தி வைச்சன. சீனி விலை விழுந்திட்டுது, கட்டுப்படியாகாது என்பது அவையின்ர வாதம். பிறகு தமிழ்நாடு அந்த முறையையே விட்டு, 2017-18 பருவத்திலிருந்து வருவாய்ப் பங்கீட்டு முறைக்கு மாறினது. பழைய நாலு பருவத்தின்ர மிச்சம் அந்தரத்தில தொங்கினது.

ஆக, "பாக்கி இருக்கு" என்று சித்தப்பா சொல்றதும், "பாக்கி இல்லை" என்று ஆலை சொல்றதும் ஒரே பில்லைப் பார்த்துத்தான். அளவுகோல்தான் வேற. எந்த விலையை வைச்சுச் சொல்றோம் என்று எழுதாமல் "பாக்கி" என்ற சொல்லைப் போட்டால், ஆலையின்ர மூன்று வரியே எங்கட கட்டுரையை விழுத்திவிடும்.

சரி, மத்திய விலைப்படி 40 தொன்னுக்கு 92,000. வங்கிக்கு வந்தது 62,000. இடையில 30,000 எங்க போனது? பில்லின்ர அடியில "கடன் பிடித்தம்" என்று ஒரு கட்டம். கரும்பு நடேக்க விவசாயி வாங்கின பயிர்க்கடனை ஆலை பில்லிலேயே கழிச்சு வங்கிக்குக் கட்டும். அதனால அந்த 30,000 ஆலை தராத காசில்லை. ஆனால் அந்தக் கட்டத்தைக் கண்ணை மூடி நம்பவும் ஏலாது. தஞ்சாவூர் மாவட்டம் திருமண்டங்குடியில திரு ஆரூரான் சர்க்கரை ஆலை விவசாயிகள் 2022 நவம்பர் 30 தொடங்கி மாதக்கணக்கா ஆலை வாசலில இருந்தது, நிலுவைத் தொகைக்காக மட்டும் இல்லை. தங்கட பெயரில ஆலை வங்கிகளில கடன் எடுத்திட்டுது என்பதும் அவையின்ர முறைப்பாடு.

அதனால சித்தப்பாவிட்ட நேராக் கேட்டோம்: இந்தக் கடன் நீங்கள் கையெழுத்துப் போட்டு வாங்கினதா? காசு உங்கட கைக்கு வந்ததா? வங்கியின்ர கடன் கணக்கில இந்த 30,000 வரவு வைச்சிருக்கா? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, "ஆமாம்மா, அது நான் வாங்குனதுதான். கட்டியும் இருக்காங்க. சொல்ல விட்டுப்போச்சு" என்றார். எங்களுக்கு முகம் சுருங்கிப்போனது. அவரில பிழை இல்லை. நாங்கள் கேட்டிருக்கவேணும்.

இப்ப மிஞ்சினது 22,000, இரண்டு விலைக்கும் இடையில உள்ள வித்தியாசம். அதுக்குள்ளயும் ஒரு முடிச்சு இருந்தது. 2,850 என்ற விலைக்குள்ள தொன்னுக்கு 100 ரூபா போக்குவரத்துச் செலவும் அடக்கம். லொறிக் கூலியை ஆலை குடுத்திருந்தால் அந்த 4,000 ரூபாவை விவசாயிக்கு வரவேண்டியதில சேர்க்க ஏலாது. அவருக்கு ஆலையே லொறி அனுப்பினது, பில்லில கூலி பிடிக்கவும் இல்லை. ஆக 18,000. எங்கட 52,000 இப்ப 18,000 ஆகிவிட்டது. ஒருத்தன், "இனி இதில என்ன கிடக்கு?" என்று கொம்பியூட்டரை மூடப்போனான்.

அப்பதான் திகதிகளைப் பார்த்தோம். எடைச் சீட்டில 2016 பெப்ரவரி 10. வங்கிப் புத்தகத்தில 62,000 விழுந்தது ஓகஸ்ட் 24. இந்தியாவின்ர 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு குடுத்து 14 நாளுக்குள்ள காசு வரவேணும். பிந்தினால், பிந்தின காலத்துக்கு வருசத்துக்கு 15 வீதம் வட்டி. பெப்ரவரி 24க்கு வரவேண்டியது சரியா ஆறு மாதம் பிந்தியிருக்கு. 62,000க்கு ஆறு மாத வட்டி ஏறக்குறைய 4,600 ரூபா. எந்தப் பில்லிலயும், வங்கிப் புத்தகத்தின்ர எந்தப் பக்கத்திலயும் அது இல்லை.

சின்னத் தொகைதான். ஆனால் இதில மாநில விலை பற்றின சர்ச்சைக்கு இடமே இல்லை. ஆலை தானே ஏற்றுக்கொண்ட மத்திய விலை, அதே ஆணையின்ர விதி. அந்த அளவுகோலிலயே "பாக்கி எதுவும் இல்லை" என்பது நிற்கவில்லை. நாங்கள் கத்திச் சொன்ன 52,000ஐ விட, இந்த 4,600தான் ஆலையால மறுக்க ஏலாத காசு.

இரண்டாவது கடிதத்தில திகதிகளையும் தொகையையும் எழுதி, பில்லின்ர படத்தில பெயரையும் கணக்கு இலக்கத்தையும் மறைச்சு அனுப்பி, இரண்டே கேள்வி கேட்டோம். மாநில விலை வித்தியாசத்துக்கு, அது அரசு முடிவெடுக்கவேண்டிய விசயம் என்று பதில் வந்தது. வட்டி பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தலைப்பை அழிச்சோம். "ஏமாத்தியிருக்கு" போனது. ஆலையின்ர முதல் பதிலை முழுசாப் போட்டோம். அதுக்குக் கீழ 18,000 எந்த விலைப்படி, 4,600 எந்த விதிப்படி என்று தனித்தனியா எழுதினோம். கடன் கழிச்சது சரி என்றும் எழுதினோம். கடைசியா, வட்டி பற்றிக் கேட்ட திகதியும், அதுக்குப் பதில் வரவில்லை என்பதும்.

சித்தப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினோம். தொகை குறைஞ்சதில அவருக்கு மனக்கஷ்டம் இருக்கும் என்று பயந்தோம். அவர் வட்டிக் கணக்கை மட்டும் திரும்ப வாசிக்கச் சொன்னார். பிறகு, "அந்தத் தேதி கணக்க தனியா ஒரு தாள்ல எழுதி அனுப்புங்கம்மா. எங்க ஊர்ல இன்னும் முப்பது பேர்கிட்ட சீட்டு இருக்கு" என்றார்.