கான்கிரீட் விழுந்தால்தான் கணக்கு

முட்டுக்காட்டில் உப்பங்கழியை ஒட்டி ஒரு கட்டடத்துக்கு பைல் போட்டுக்கொண்டிருந்தார்கள். 600 மி.மீ. விட்டம், 15 மீட்டர் ஆழம், மொத்தம் 100 பைல். ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்றும், வாரத்துக்குப் பத்து என்றும் திட்டம். நான் போனது நான்காம் வாரக் கடைசி நாள். பிளானிங் இன்ஜினியர் வாரக் கணக்கை முடிக்கும் நேரம்.

திட்டப்படி அன்றைக்குள் 40 லட்சத்துக்கு வேலை முடிந்திருக்க வேண்டும். இதுதான் திட்ட மதிப்பு, PV. முடிந்தவை 32. ஆகவே ஈட்டிய மதிப்பு, அதாவது EV, 32 லட்சம்.

"மேடம், இன்னும் நாலு துளை போட்டு, கம்பிக்கூண்டும் இறக்கியாச்சு. சேத்துக்கலாமே?" என்றார் சூப்பர்வைசர்.

"கான்கிரீட் விழட்டும்ணே, அடுத்த வாரம் சேக்கலாம்."

இன்ஜினியர் சொன்னது சரி. இந்தக் கடலோர மணலில் துளை சரிந்தால் கூண்டை வெளியே எடுத்து மறுபடி தோண்ட வேண்டியிருக்கும். பாதி வேலைக்கு மதிப்புப் போட ஆரம்பித்தால், பின்தங்கல் எல்லாம் அந்தப் பாதிக்குள் ஒளிந்துகொள்ளும்.

செலவு, AC, 38 லட்சம். ரெடிமிக்ஸ் பில் வந்திருக்கவில்லை. இறங்கிய லாரிகளின் சலானைப் பார்த்தே தொகையை ஏற்றினார். பில்லுக்குக் காத்திருந்தால் அந்த வாரம் லாபமாகத் தெரியும், அடுத்த வாரம் அடி விழும்.

```
CV = EV − AC = 32 − 38 = −6
SV = EV − PV = 32 − 40 = −8
```

ஆறு லட்சம் எங்கே போனது? கான்கிரீட் பதிவேட்டைக் காட்டினார். ஒரு பைலுக்குக் கணக்குப்படி 4.24 கன மீட்டர் போதும், சராசரியாக 5.1 இறங்கியிருந்தது. மணல் சரிந்து துளை அகலமாகிவிட்டது. இதில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் போயிருக்கிறது. மீதியில் பெரும்பங்கு ரிக் வாடகை. அது நாள் கணக்கு; சரிந்த துளையைத் திரும்பத் தோண்டும் நாளுக்கும் கொடுத்தாக வேண்டும். காலப் பின்தங்கலும் செலவு மீறலும் ஒரே மணலிலிருந்துதான் வந்திருக்கின்றன. பென்டோனைட் கலவையைக் கெட்டியாக்கி, மேல்பகுதிக் கேசிங் குழாயை நீட்டுவது என்று அங்கேயே முடிவானது. இதே விகிதம் தொடர்ந்தால் ஒரு கோடி வேலை சுமார் 1 கோடியே 19 லட்சத்தில் போய் நிற்கும்.

SV-யில் ஒரு ஓட்டை உண்டு. வேலை மூன்று வாரம் தாமதமாக முடிந்தாலும், முடிந்த அன்று EV, PV இரண்டுமே 100 லட்சம், வித்தியாசம் பூஜ்யம். கடைசி வாரங்களில் அந்த எண் தானாகவே நல்ல பிள்ளையாகிவிடும். 2003இல் வால்ட் லிப்கே இதற்கு ஒரு வழி சொன்னார்: பின்தங்கலை ரூபாயில் அளக்காமல் காலத்தில் அள. 32 பைல் திட்டப்படி 3.2 வாரத்தில் முடிந்திருக்க வேண்டும், ஆனது 4. ஆக, 0.8 வாரம் பின்தங்கல். இந்த எண்ணையும் அந்த இன்ஜினியர் தனிக் கட்டத்தில் வாராவாரம் எழுதி வருகிறார்.