ஒப்பத்தின் படமும் ஒப்பமும்

கனகராயன்குளத்து ஒப்பந்தகாரர் ஒருவர் கேள்விப்பத்திரப் பிடிஎஃபில் யூஎஸ்பி டோக்கன் கொண்டு ஒப்பமிடும்போது, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் ‘ஹாஷ்’ எனும் சுருக்க எண் மட்டுமே டோக்கனுக்குள் சென்று, அங்கிருந்து வெளியேறாத தனிச்சாவியால் ஒப்பமாகித் திரும்புகிறது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலங்கையில் இத்தகைய ஒப்பத்தை ஏற்கிறது.

ஆனால், ஒப்பமிட்ட விலை அட்டவணையை ஏனைய பக்கங்களோடு சேர்ப்பதற்காக மீண்டும் ‘Print to PDF’ வழியே சேமித்தால், ஒப்பத்தின் படம் எஞ்சும், ஒப்பம் எஞ்சாது. அடோபி ரீடரின் கையொப்பப் பலகம் வெறுமையாக இருப்பதே அதற்கு அடையாளம். எனவே பக்கங்களை இணைப்பது முதலிலும் ஒப்பமிடுவது கடைசியிலும் நிகழ வேண்டும். அப்பலகத்தில் சிலவேளை தோன்றும் மஞ்சள் எச்சரிக்கையோ வேறு சங்கதி (பலர் வீணே பதறுவது இதற்குத்தான்): சான்றிதழ் வழங்கிய அமைப்பின் மூலச் சான்றிதழ் அக்கணினியின் நம்பகப் பட்டியலில் இல்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.