நூறு ஓம் செய்த வேலை

செந்தூலில் என் பணிமேசைக்கு வரும் பழுதுகளில் ஒரு வகை மட்டும் கொண்டு வருபவரையே குழப்பிவிடும். பெட்டி கெட்டுப்போயிருக்காது. மல்டிமீட்டரில் சரியாகக் காட்டும், ஆலையில் மாட்டினால் தவறாகக் காட்டும். கிள்ளான் பக்கத்து ஆலை ஒன்றின் பராமரிப்புப் பையன் கொண்டு வந்த பெட்டி அந்த ரகம்தான். டிரான்ஸ்மிட்டருக்குப் பதிலாக 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரை கொடுத்துப் பார்ப்பதற்காக யாரோ கையால் கட்டியது. "மீட்டர்ல 20.00 வருதுண்ணே, பி.எல்.சி.யில போட்டா 98.8 டிகிரிதான் காட்டுது" என்றான். காட்ட வேண்டியது 100.

பி.எல்.சி. உள்ளீட்டில் 250 ஓம் தடை இருக்கிறது. 20 மில்லிஆம்பியர் ஓடினால் அதன் மேல் 5 வோல்ட் ஏறும். மல்டிமீட்டரிலோ சில ஓம் மட்டுமே. நல்ல மின்னோட்ட மூலத்துக்கு இந்த வித்தியாசமே தெரியக்கூடாது. இந்தப் பெட்டிக்குத் தெரிந்தது. உண்மையில் 19.81 மில்லிஆம்பியர்தான் போயிருக்கிறது. 20-க்கும் 19.81-க்கும் இடையிலான சரிவை வைத்துக் கணக்குப் போட்டால், மூலத்துக்குப் பக்கவாட்டில் சுமார் 26 கிலோ ஓம் தடை ஒன்று ஒளிந்திருக்கிறது என்று வரும். ஆனால் பலகையில் அப்படி ஒரு தடை எங்கும் இல்லை.

மூடியைத் திறந்ததும் ஹௌலாண்ட் சுற்று என்று தெரிந்துவிட்டது. எம்.ஐ.டி.யைச் சேர்ந்த பிராட்ஃபோர்ட் ஹௌலாண்ட் 1962 வாக்கில் கண்டது இது. பில்பிரிக் நிறுவனத்தின் ஷீன்கோல்ட் 1964-இல் எழுதி வெளியிட்டார். சுமையை ஆப்-ஆம்பின் பின்னூட்டப் பாதைக்குள்ளேயே மிதக்க விட முடிந்தால் இத்தனை பாடு தேவையில்லை, ஒரே ரெசிஸ்டரில் வேலை முடிந்துவிடும். ஆலையில் அது நடக்காது. பி.எல்.சி. உள்ளீட்டின் ஒரு முனை கிரவுண்டில் கிடக்கிறது, அதைத் தூக்க யாரும் விடமாட்டார்கள். கிரவுண்டில் நிற்கும் சுமைக்குள் மின்னோட்டத்தைத் தள்ளத்தான் இந்தச் சுற்று.

உள்ளே நடப்பது இது. மைனஸ் முனையிலிருந்து கிரவுண்டுக்கு R1, வெளியீட்டிலிருந்து மைனஸ் முனைக்கு R2. கட்டுப்பாட்டு வோல்ட்டேஜ் R3 வழியாகப் பிளஸ் முனைக்கு வருகிறது. பிளஸ் முனையிலிருந்து சுமைக்கு R4. வெளியீட்டுக்கும் சுமைக்கும் நடுவே R5 என்ற சிறிய ரெசிஸ்டர். இந்தப் பெட்டியில் அது 100 ஓம். 20 மில்லிஆம்பியரை ஆப்-ஆம்பின் தலையில் கட்டாமல் ஒரு BD139 டிரான்சிஸ்டரை அதன் பின்னால் வைத்திருந்தார்கள். R2-வும் R5-வும் தொடங்குவது அந்த டிரான்சிஸ்டரின் எமிட்டரில். அதுவரை கட்டியவர் நன்றாகவே செய்திருந்தார்.

சுமையின் வோல்ட்டேஜ் ஏறும்போது மின்னோட்டம் குறையப் பார்க்கும். அதே ஏற்றம் R4 வழியாகப் பிளஸ் முனைக்குப் போய், வெளியீட்டையும் மேலே தள்ளும். குறைவது எவ்வளவோ அவ்வளவே தள்ளலும் இருந்தால் மின்னோட்டம் அசையாது. அந்தச் சமநிலைக்கு ஒரே நிபந்தனைதான்:

```
R2/R1 = (R4 + R5)/R3
I = Vin × (R2/R1) / R5
```

நான்கு ரெசிஸ்டர்களும் தனித்தனியே எத்தனை ஓம் என்பது இங்கே பெரிய விஷயமில்லை. இரண்டு விகிதங்களும் ஒன்றாக இருக்க வேண்டும், அதுதான் விஷயம். R5 பிசகினால் அளவு மாறும், அதை உள்ளீட்டில் சரிக்கட்டிவிடலாம். விகிதம் பிசகினால் மூலம் மின்னோட்ட மூலமாகவே இருக்காது. முதல் வரியின் வலப்பக்கத்தில் R5-ம் சேர்ந்து நிற்பதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தப் பெட்டியில் நான்கும் 10 கிலோ ஓம். இடப்பக்கம் 1, வலப்பக்கம் 1.01. ஒரு சதவீதம் பிசகு.

ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். நான்கும் ஏறக்குறைய சமமாக இருக்கும் இந்த அமைப்பில் ஒளிந்திருக்கும் தடை ஏறத்தாழ R5-ஐப் போல இரண்டு மடங்கை அந்தப் பிசகால் வகுத்தது. 200-ஐ 0.01-ஆல் வகுத்தால் 20 கிலோ ஓம். பையனின் 98.8 டிகிரி சொன்ன 26-க்கு அருகில்தான், ஆனால் அதே எண் இல்லை. R5 சிறிதாக இருப்பதால்தான் பிசகு இப்படிப் பெரிதாகிறது.

R4-இல் 10 கிலோ ஓமுக்குப் பதில் 9.9 கிலோ ஓம் தேடி ஜாலான் பாசாருக்கு அலைய வேண்டியதில்லை. R2-வோடு தொடராக ஒரு 100 ஓம் போட்டால் இடப்பக்கமும் 1.01 ஆகிவிடும். போட்டேன். வெளியீட்டை நேரடியாகக் கிரவுண்டில் சேர்த்தபோதும், 250 ஓம் வழியாகச் சேர்த்தபோதும் மின்னோட்டத்தைப் பார்த்தேன். 20.10, பிறகு 20.16. இப்போது சுமை கூடினால் மின்னோட்டமும் கூடுகிறது! ஒளிந்திருக்கும் தடை எதிர்க்குறியோடு சுமார் 83 கிலோ ஓம். கணக்கில் இருந்த பிழை போன பிறகு ரெசிஸ்டர்களின் சொந்தப் பிழை தலைகாட்டுகிறது: 0.24 சதவீதம்.

அவை ஒரு சதவீத ரெசிஸ்டர்கள். நான்கும் கெட்ட திசையில் ஒத்துழைத்தால் பிசகு 4 சதவீதம் வரை போகலாம். அப்போது தடை 5 கிலோ ஓம், 20 மில்லிஆம்பியரில் ஒரு மில்லிஆம்பியர் வரை தவறு. இந்தப் பலகை அதிர்ஷ்டக்காரப் பலகை. 0.1 சதவீத ரெசிஸ்டர் வாங்கினால் மிக மோசமான நிலையிலும் 50 கிலோ ஓம், 0.1 மில்லிஆம்பியர் தவறு. அதற்கும் மேலே வேண்டுமென்றால் திருகித்தான் சரிசெய்ய வேண்டும்.

மின்னோட்டம் ஏறினால் R2/R1 அதிகம், R2-வைக் குறை. இறங்கினால் கூட்டு. புதிதாகச் சேர்த்த 100 ஓமை எடுத்துவிட்டு 200 ஓம் பலசுற்று ட்ரிம்மரை வைத்தேன். சுமார் 76 ஓமில் வந்தபோது, 250 ஓமைச் சேர்த்தாலும் எடுத்தாலும் மீட்டரில் எண் நகரவில்லை. பிறகே உள்ளீட்டைத் திருத்தி 20.00-க்குக் கொண்டு வந்தேன். முதலில் அளவைச் சரிசெய்துவிட்டு அப்புறம் விகிதத்தைத் தொட்டால், செய்ததையே திரும்பச் செய்ய வேண்டிவரும்.

ட்ரிம்மர் பிடிக்காதவர்களுக்கு வேறு வழி உண்டு. ஒரே பட்டியிலிருந்து இருபது ரெசிஸ்டரை எடுத்து, ஒரே மீட்டரில் ஒரே உட்காரலில் அளந்து ஜோடி சேர்க்கலாம். மீட்டர் கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் எல்லாவற்றையும் அதே அளவுக்குத்தான் கூட்டிச் சொல்லும், விகிதம் கெடாது. அளக்கும்போது ரெசிஸ்டரை விரலால் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். சூடும் ஏறும், உடம்பின் தடையும் சேரும்.

சூட்டைச் சொன்னதால் இன்னொன்று. BD139 முழு அளவில் ஓடும்போது, 15 வோல்ட் சப்ளையில், சுமார் 160 மில்லிவாட் சூடு விடுகிறது. ஒரு டிகிரிக்கு 100 பி.பி.எம். மாறும் ரெசிஸ்டர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து மற்றவற்றைவிட 20 டிகிரி கூடுதலாகச் சூடானால், 0.2 சதவீதம் போய்விட்டது. காலையில் திருகியது மதியம் விலகும். நான்கையும் ஒன்றாக, டிரான்சிஸ்டரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும்.

வேறொரு பொறி, கட்டுப்பாட்டு வோல்ட்டேஜைப் பொட்டென்ஷியோமீட்டரின் நடுக்காலிலிருந்து நேரே எடுப்பது. 10 கிலோ ஓம் பொட் என்றால் நடுவில் 2.5 கிலோ ஓம் சேர்ந்துகொண்டு R3 12.5 கிலோ ஓம் ஆகிவிடும். அடையாளம் எளிது: குமிழ் இரண்டு ஓரங்களிலும் இருக்கும்போது சுமையை மாற்றினால் எண் நகராது, நடுவில் வைத்தால் நகரும். இடையில் ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் போட்டால் தீர்ந்தது.

தொழிற்சாலையிலேயே லேசரால் பொருத்திய நான்கு 25 கிலோ ஓம் ரெசிஸ்டர்களோடு INA105 போன்ற சில்லுகள் கிடைக்கின்றன. நானும் பயன்படுத்துகிறேன். அதிலும் 100 ஓம் R5-ஐ அப்படியே சேர்த்தால் விகிதம் 0.4 சதவீதம் பிசகும், உள்ளே இருக்கும் R4-ஐக் குறைக்க நமக்கு வழியில்லை. சுமையிலிருந்து R4-க்குப் போகும் பாதையில் இன்னொரு பஃபரை வைத்தால் R5 நிபந்தனையிலிருந்தே வெளியேறிவிடுகிறது. பையனுடைய அடுத்த பெட்டிக்கு அப்படித்தான் வரைந்து கொடுத்திருக்கிறேன்.