தாள் போன பிறகு மிஞ்சும் எண்

பல்கலைக்கழகத்தில் என் அறைத்தோழன் ஒரு பாடத்தில் தோற்றான். அடுத்த செமஸ்டர் தாளைப் பார்க்கலாமா என்று கேட்கப் போனவன் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தான். “தாளெல்லாம் அழிச்சிட்டாங்களாம்டா” என்றான். தாளைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பார்க்கத் தாள் இல்லை, அவ்வளவுதான்.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பிடிபட்டது, பிறகு ஓர் இந்திய வழக்கைப் படித்தபோதுதான். 2008இல் சிபிஎஸ்இ தேர்வு எழுதிய ஆதித்ய பந்தோபாத்யாய் என்ற மாணவர், எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் தன் விடைத்தாளைக் கேட்டார். வாரியம் மறுத்தது. வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. 2011 ஆகஸ்ட் 9 அன்று தீர்ப்பு வந்தது: திருத்தப்பட்ட விடைத்தாளும் ‘தகவல்’தான், எழுதியவர் அதைப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம். திருத்தியவரின் அடையாளம் மட்டும் மறைக்கப்பட வேண்டும்.

எல்லோரும் கொண்டாடியது இந்தப் பகுதியை. என்னை நிறுத்தியது அதே தீர்ப்பின் இன்னொரு பகுதி. தாளை எத்தனை நாள் வைத்திருப்பது என்பது அந்தந்தத் தேர்வு அமைப்பின் விதியைப் பொறுத்தது. சிபிஎஸ்இக்கு மூன்று மாதம் என்றால், முடிவு வெளியாகி மூன்று மாதம் கழித்துக் கேட்பவருக்கு ‘இல்லை’ என்று சொல்லிவிடலாம். இந்தச் சட்டம் இருப்பதைக் காட்டச் சொல்கிறதே தவிர, கூடுதல் காலம் வைத்திருக்கச் சொல்வதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடிவு வந்த பத்தாம் நாள் ஒரு மாணவி விண்ணப்பிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. 40ஆம் நாள் மறுப்பு வருகிறது. மறுநாளே முதல் மேல்முறையீடு. அதைத் தீர்க்க அதிகபட்சம் 45 நாள். ஆக 86ஆம் நாள். அங்கேயும் தோற்றால் அடுத்தது தகவல் ஆணையம். அது எத்தனை நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் கெடுவே இல்லை. தாளுக்கோ இன்னும் நான்கைந்து நாள்தான் ஆயுசு. யாரும் விதியை மீறவில்லை. ஆனாலும் அவள் ஜெயிக்கும்போது, பார்க்க வேண்டிய தாள் கூழாகியிருக்கலாம்.

தாளோடு போவது கையெழுத்து மட்டுமல்ல. எந்தக் கேள்விக்கு எத்தனை மதிப்பெண், எந்தப் பக்கத்தைத் திருத்தாமல் விட்டார்கள், கூட்டல் சரியா என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கிறது. மிஞ்சும் பதிவேட்டில் 47 என்று இருந்தால், 74ஐ மாற்றி எழுதினார்களா என்று அந்த எண்ணை வைத்தே கண்டுபிடிக்க முடியாது.

லட்சக்கணக்கான தாள்களைக் காலமெல்லாம் அடுக்கி வைக்க முடியாதுதான். ஆனால் கேள்வி எழுந்த ஒரே ஒரு தாளைத் தனியே எடுத்து வைக்க ஓர் அலமாரி போதும். அதனால் கேட்கிறவர்கள் முதல் கடிதத்திலேயே இரண்டு வரி எழுத வேண்டும்: தாளைக் காட்டுங்கள், இந்த விஷயம் முடியும்வரை அதை அழிக்காதீர்கள். என்னைக் கேட்டால், இரண்டாவது வரிதான் அவசரம்.